மாவடு காட்டிய பிழை

"சவ்வூடு பரவல் என்பது, தேர்வு கடத்து சவ்வின் வழியாக, செறிவு அதிகமான கரைசலிலிருந்து செறிவு குறைவான கரைசலுக்கு நீர் செல்வது." பிளஸ் ஒன் படிக்கும் மாணவி ஒருத்தி, தேர்வுக்குப் படிக்கத் தானே எழுதி வைத்திருந்த சுருக்கக் குறிப்பில் இருந்த வரையறை இது. வாக்கியத்தில் சொற்பிழை இல்லை. பாடத்தில் வரும் முக்கியச் சொற்கள் எல்லாம் இருக்கின்றன. திசை மட்டும் தலைகீழாக இருக்கிறது.

தேர்வு கடத்து சவ்வு என்பது சிலவற்றை மட்டும் உள்ளே விடும் மெல்லிய தடுப்பு. செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு தண்ணீரை எளிதாகக் கடக்க விடும். சர்க்கரையையும் உப்பையும் அவ்வளவு எளிதில் விடாது. இப்படி ஒரு சவ்வின் ஒரு பக்கம் வெறும் தண்ணீரும் மறுபக்கம் சர்க்கரைக் கரைசலும் இருந்தால், வெறும் தண்ணீர் இருக்கும் பக்கத்திலிருந்துதான் கரைசல் பக்கத்துக்கு நீர் போகும். அதாவது நீர்த்த கரைசலிலிருந்து அடர்ந்த கரைசலுக்கு. மாணவி எழுதியிருந்தது இதற்கு நேர் எதிர்.

பாடநூலில் பிழை இல்லை. அதைத் தெரிந்துகொள்ள அவள் பழைய ரஃப் நோட்டைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. அங்கே பிழை பிறந்த இடம் தெளிவாகத் தெரிந்தது.

கரைப்பான் மூலக்கூறுகள், தங்கள் செறிவு அதிகமாக உள்ள பக்கத்திலிருந்து குறைவாக உள்ள பக்கத்துக்குச் செல்கின்றன என்பதே பாடநூல் வரையறையின் சாரம். இங்கே செறிவு என்று சொல்லப்படுவது தண்ணீரின் செறிவு. கரைந்திருக்கும் சர்க்கரையின் செறிவு அல்ல. வெறும் தண்ணீரில் தண்ணீரின் செறிவு உச்சத்தில் இருக்கும். சர்க்கரை கரையக் கரைய அது குறையும். வகுப்பில் ஆசிரியை பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது மாணவி அவசரமாக ரஃப் நோட்டில் குறித்தது ஒரே வரி: "நீர் — அதிக செறிவு → குறைந்த செறிவு." இது தவறு என்று சொல்ல முடியாது. எதன் செறிவு என்பது மட்டும் விடுபட்டிருக்கிறது. எழுதிய அன்று அந்த விடுபட்ட சொல் அவள் நினைவில் இருந்தது. அதனால் குறை தெரியவில்லை.

சில வாரம் கழித்து, புத்தகத்தைத் திறக்காமல், ரஃப் நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு அவள் சுருக்கக் குறிப்பை அழகாக எழுதினாள். "அதிக செறிவு" என்பதை முழு வாக்கியமாக விரிக்க வேண்டிய இடத்தில், கை தானாக "செறிவு அதிகமான கரைசல்" என்று எழுதியது. செறிவான கரைசல் என்பது எல்லோருக்கும் பழகிய பேச்சு. தண்ணீரின் செறிவு என்று யாரும் அன்றாடம் பேசுவதில்லை. சுருக்கியபோது ஒரு சொல் போனது. விரித்தபோது அந்த இடத்தில் வேறொரு சொல் வந்து உட்கார்ந்தது. இரண்டாவது படியில்தான் குறிப்பு பொய்யானது.

மனித நினைவு இப்படித்தான் வேலை செய்கிறது என்பதைக் கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட தன் நூலில் விரிவாகக் காட்டினார். வட அமெரிக்கப் பழங்குடியினரின் நாட்டுப்புறக் கதை ஒன்றை அவர் ஆங்கிலேய வாசகர்களிடம் கொடுத்து, இடைவெளி விட்டுத் திரும்பச் சொல்லச் சொன்னார். ஒவ்வொரு முறையும் கதை குறுகியது. பழக்கமில்லாத விவரங்கள் உதிர்ந்தன. அந்த இடத்தில் கேட்டவருக்குப் பழக்கமானவை வந்தன. நீர்நாய் போன்ற கடல் விலங்கான சீலை வேட்டையாடப் போனவர்கள் சிலர் வாயில் வெறுமனே மீன் பிடிக்கப் போனவர்களானார்கள். சொன்னவர்கள் யாரும் வேண்டுமென்று மாற்றவில்லை. மாற்றியது அவர்களுக்கே தெரியாது.

சவ்வூடு பரவல் விஷயத்தில் இதற்கு இன்னும் ஒரு தூண்டுதல் இருக்கிறது. சூடு அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குப் போகிறது. ஊதுவத்தி வாசனை ஏற்றிய மூலையிலிருந்து அறையெங்கும் பரவுகிறது. முந்தைய பாடமான பரவலிலும் அதிகத்திலிருந்து குறைவுக்கு என்றுதான் படித்திருக்கிறார்கள். "அதிகத்திலிருந்து குறைவுக்கு" என்ற ஓசை காதுக்குச் சரியாகப்படுவதால், எதில் அதிகம் என்ற கேள்வி எழுவதே இல்லை.

இந்தப் பிழை ஒரு பருவம் முழுவதும் பிடிபடாமல் இருந்தது. இடையில் இரண்டு வகுப்புத் தேர்வுகள் நடந்தன. இரண்டிலும் சவ்வூடு பரவல் பற்றிக் கேள்வி வந்தது. இரண்டிலும் அவளுக்கு மதிப்பெண் கிடைத்தது. ஒன்றில், சவ்வூடு பரவலின்போது சவ்வைக் கடப்பது எது என்று கேட்டிருந்தார்கள். நீர் என்று எழுதினாள். மற்றொன்றில், வேர்த்தூவி மண்ணிலிருந்து நீரை உறிஞ்சும் நிகழ்ச்சியின் பெயர் என்ன என்று கேட்டிருந்தார்கள். பெயர் தெரிந்திருந்தது. திசையைக் கேட்கும் கேள்வி வரவே இல்லை. வரையறையில் எந்தப் பகுதி தவறோ அந்தப் பகுதியைத் தொடாத கேள்விகளுக்கு, தவறான வரையறை உள்ளவரும் சரியாகவே விடை எழுதுவார். முழு மதிப்பெண் வந்ததால் குறிப்பு சரி என்று அவள் எடுத்துக்கொண்டதுதான் பிழைக்கு ஆயுளைக் கூட்டியது.

திரும்பத் திரும்பப் படித்தது இன்னொரு காரணம். படிக்கப் படிக்க வாக்கியம் பழகிவிடுகிறது; பழகியது சரியானதாகவும் தெரிகிறது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைப் பலமுறை படித்த மாணவர்கள் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகமாக நம்பினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அவர்களைவிட அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் இந்த மாணவியின் நிலையில் அந்த முறை மட்டும் போதாது என்பதைக் கவனிக்க வேண்டும். அவள் குறிப்பை மூடிவைத்து வரையறையைச் சொல்லிப் பார்க்கும் பழக்கம் உள்ளவள்தான். சொல்லி முடித்ததும் தன் குறிப்பைத் திறந்து ஒப்பிடுவாள். அட்சரம் பிசகாமல் பொருந்தும். அளவுகோலே பிழையாக இருந்ததால் ஒவ்வொரு ஒப்பீடும் பிழையை இன்னும் ஆழமாகப் பதித்தது.

பங்குனியில் வீட்டில் மாவடு போட்டார்கள். கழுவித் துடைத்த வடுவில் விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பு, மஞ்சள்தூள், கடுகுப்பொடி போட்டு ஜாடியில் அடுக்கி, தினமும் ஒருமுறை குலுக்கிவிடுவது வழக்கம். சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றுவதில்லை. நாலைந்து நாளில் வடுவின் தோல் சுருங்கத் தொடங்கும். ஜாடியின் அடியில் நீர் ஊறி நிற்கும். அதைப் பார்த்து அம்மா, "தண்ணி விட ஆரம்பிச்சிடுச்சு" என்றார். சவ்வூடு பரவலுக்கு உதாரணம் எழுதச் சொன்னால் ஊறுகாயை எழுதலாம் என்று ஆசிரியை சொல்லியிருந்தது மாணவிக்கு நினைவு வந்தது. உதாரணத்தைத் தன் வரையறையோடு பொருத்தி எழுதப் பார்த்தாள்.

பொருந்தவில்லை. வடுவின் வெளியே உப்பு அதிகம். அங்கே இருக்கும் கொஞ்ச ஈரமும் கெட்டியான உப்புக் கரைசல். வடுவின் செல்லுக்குள் இருப்பது அதைவிட மிகவும் நீர்த்த சாறு. அவள் வரையறைப்படி, செறிவு அதிகமான வெளிப்பக்கத்திலிருந்து செறிவு குறைவான உட்பக்கத்துக்கு நீர் போக வேண்டும். வடு உப்ப வேண்டும். ஜாடி காய வேண்டும். கண்ணெதிரே நடப்பது வடு சுருங்கி ஜாடி நிறைவது.

இங்கே அவள் எடுத்த முதல் முடிவு தவறான முடிவு. பெரும்பாலோர் அதையே எடுப்பார்கள். ஊறுகாய் விஷயத்தில் வேறு ஏதோ காரணம் இருக்கும், அது விதிவிலக்கு என்று நினைத்தாள். உறுதிப்படுத்திக்கொள்ள இரண்டு தோழிகளிடம் வரையறையைக் கேட்டாள். இருவரும் அவள் வரையறையை வரி மாறாமல் ஒப்பித்தார்கள். மூன்று பேர் ஒரே மாதிரி சொன்னால் அது சரியாகத்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. "உனக்கு இது எங்கேயிருந்து கிடைச்சுது?" என்று கேட்டபோதுதான் ஒருத்தி சொன்னாள்: "உன் நோட்டைத்தானே போட்டோ எடுத்துக்கிட்டோம்." மூன்று சாட்சியும் உண்மையில் ஒரே சாட்சி. ஒரு குறிப்பை இன்னொன்றோடு ஒப்பிடும் முன், இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவையா என்று கேட்டாக வேண்டும். கைடு, டியூஷன் நோட்டு, சீனியர் கொடுத்த ஜெராக்ஸ் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டிருந்தால் பத்து பிரதியும் ஒரே பிரதிதான்.

பிறகுதான் பாடநூலைத் திறந்தாள். படித்துப் பார்ப்பதற்குப் பதிலாகத் தன் வாக்கியத்தையும் புத்தக வாக்கியத்தையும் துண்டு துண்டாகப் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாள். நகர்வது எது? இரண்டிலும் நீர். எதன் வழியாக? இரண்டிலும் சவ்வு. எங்கிருந்து? ஒன்றில் கரைசலின் செறிவு அதிகமான இடம், மற்றொன்றில் நீரின் செறிவு அதிகமான இடம். வேறுபாடு அங்கே நின்றது. முழு வாக்கியமாகப் படித்தபோது இரண்டும் ஒன்றுபோலத் தோன்றியவை, பிரித்து எழுதியதும் எதிரெதிராக நின்றன. தெரிந்த விஷயத்தைப் படிக்கும்போது கண் சொற்களைத் தாவிச் செல்லும். பிரித்து எழுதும்போது தாவ முடியாது.

புத்தகம் ஒரு பக்கம், தன் குறிப்பு ஒரு பக்கம் என்ற நிலையில், எது சரி என்பதைச் சோதித்துப் பார்க்கும் வழியை ஆசிரியை காட்டினார். அவள் முதலில் கேட்டது ஊறவைத்த கொண்டைக்கடலையைப் பற்றி. காய்ந்த கடலை வீங்குவதில் உள்ளீர்த்தல் என்ற வேறு நிகழ்ச்சி பெரும்பங்கு வகிக்கிறது. விதையிலுள்ள புரதமும் மாவுப்பொருளும் தாமே நீரை இழுத்துக்கொண்டு உப்பும். ஆகவே அது இந்தக் கேள்விக்குத் தெளிவான சோதனை அல்ல என்று ஆசிரியை ஒதுக்கிவிட்டார். மாவடுவும் முழுத் தெளிவான சோதனை அல்ல. நாளாக ஆக உப்பு செல்களைக் கொன்றுவிடும், சவ்வு தன் தேர்வுத்தன்மையை இழந்துவிடும். நல்ல சோதனைக்கு உயிருள்ள செல் வேண்டும், குறுகிய நேரம் வேண்டும். அதற்கு உருளைக்கிழங்கு போதும்.

தோல் சீவிய ஒரே கிழங்கிலிருந்து விரல் நீளத்தில் இரண்டு துண்டுகள் வெட்டி, துணியால் ஒற்றி, ஆய்வக எலக்ட்ரானிக் தராசில் எடை பார்த்தாள். ஒன்று 10.2 கிராம், மற்றது 10.1 கிராம். முதல் துண்டு வெறும் தண்ணீரில். இரண்டாவது, 200 மில்லி தண்ணீரில் 10 கிராம் உப்பு கரைத்த கரைசலில். டம்ளரில் போடும் முன் ஆசிரியை ஒரு காரியம் செய்யச் சொன்னார். இரண்டு வரையறையின்படியும் என்ன நடக்கும் என்று தனித்தனியே எழுதி வைக்கச் சொன்னார். அவள் குறிப்பின்படி, தண்ணீரில் இருப்பது எடை குறைய வேண்டும், உப்புநீரில் இருப்பது கூட வேண்டும். புத்தகத்தின்படி, தண்ணீரில் இருப்பது கூட வேண்டும், உப்புநீரில் இருப்பது குறைய வேண்டும். முன்கூட்டி எழுதி வைக்காவிட்டால், முடிவு எப்படி வந்தாலும் அதைத் தன் வரையறைக்கு ஏற்ப விளக்கிக்கொள்ள மனம் இடம் தேடும்.

ஒரு மணி நேரம் கழித்து எடுத்து, மறுபடி ஒற்றி, எடை பார்த்தாள். தண்ணீரில் இருந்தது 10.7 கிராம், விறைப்பாக, வளைத்தால் ஒடியும் நிலையில் இருந்தது. உப்புநீரில் இருந்தது 8.9 கிராம், விரலில் சுற்றலாம் என்ற அளவுக்குத் துவண்டிருந்தது. ஒன்றில் சுமார் 5 சதவீதம் கூடியிருக்கிறது, மற்றதில் சுமார் 12 சதவீதம் குறைந்திருக்கிறது. ஒற்றுவதில் முன்பின் ஆனால் எடையில் சிறு வித்தியாசம் வரலாம். இரண்டு துண்டும் எதிரெதிர்த் திசையில் போனதை அந்த வித்தியாசம் மறைக்க முடியாது.

வரையறையைத் திருத்தியதோடு வேலை முடியவில்லை. குறிப்பின் அடுத்த பக்கத்தில் ஹைப்பர்டானிக், ஹைப்போடானிக் கரைசல்களுக்கு அவள் எழுதியிருந்த விளக்கங்களும் தலைகீழாக இருந்தன. செல்லைவிடச் செறிவான ஹைப்பர்டானிக் கரைசலில் வைத்தால் செல் நீரை இழந்து, உள்ளிருக்கும் புரோட்டோபிளாசம் சுவரை விட்டுச் சுருங்கும்; அதுவே பிளாஸ்மா சிதைவு. அவள் குறிப்பில், ஹைப்போடானிக் கரைசலில் பிளாஸ்மா சிதைவு நடக்கும் என்று இருந்தது. ரஃப் நோட்டில் அது சரியாகவே இருந்ததைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உண்மையிலேயே அதிர்ச்சி. சுத்தமாக எழுதும்போது, தன் வரையறையோடு முரண்படுகிறதே என்று சரியானதை அவளே "திருத்தி" இருக்கிறாள். ஒரு வரையறை பிழையானால், அதைச் சார்ந்து நிற்பவை அனைத்தும் அதற்கு இசைவாக வளையத் தொடங்கும். குறிப்புக்குள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிறது என்பது குறிப்பு சரி என்பதற்குச் சாட்சியாகாது. பிழையைக் கண்டால், அந்த வரையறையைப் பயன்படுத்திய இடங்கள் எவை என்று தேடிப் போக வேண்டும். அவள் தேடியதில் வேர் உறிஞ்சும் பகுதியிலும், மருத்துவமனையில் ஏற்றும் சலைன் பற்றிய வரியிலும் அதன் தடம் இருந்தது. சலைனில் 100 மில்லிக்கு 0.9 கிராம் உப்பு இருப்பது, அது இரத்தச் சிவப்பணுவோடு ஏறக்குறைய சமநிலையில் இருப்பதற்காக. உப்பில்லாத வெறும் தண்ணீரை நேரடியாக ஏற்றினால் சிவப்பணுக்களுக்குள் நீர் புகுந்து அவை வெடிக்கும். அவள் குறிப்பில் சுருங்கும் என்று இருந்தது.

இதற்குப் பிறகு அவள் குறிப்பு எழுதும் முறையில் வந்த மாற்றங்கள் சின்னவை. ஒவ்வொரு வரையறையின் ஓரத்திலும் பாடநூலின் பக்க எண் இருக்கும். பக்க எண் இல்லாதது இன்னும் சரிபார்க்காதது. செறிவு, அழுத்தம், வேகம் போன்ற சொல் வந்தால் எதன் செறிவு, எதன் மேல் அழுத்தம் என்பதைச் சேர்க்காமல் சுருக்குவதில்லை. ரஃப் நோட்டிலிருந்து நேராகச் சுத்தப் பிரதி எழுதுவதில்லை. புத்தகம் பக்கத்தில் திறந்திருக்கும். வரையறையின் கீழே, அது என்ன நடக்கும் என்று சொல்கிறதோ அந்த நிகழ்ச்சி ஒன்றை ஒரு வரியில் எழுதிவைப்பாள். சவ்வூடு பரவலுக்குக் கீழே இருப்பது: உப்புநீரில் உருளைக்கிழங்கு எடை குறையும். வரையறையைப் படித்து அந்த வரியை எட்ட முடியாவிட்டால் எங்கோ ஏதோ சரியில்லை என்று பொருள்.

ஆர்.ஓ. இயந்திரத்தைப் பற்றிப் படித்தபோது திருத்திய வரையறைக்கும் சோதனை வந்தது. சென்னையை அடுத்த மீஞ்சூரில் 2010இலும், நெம்மேலியில் 2013இலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இயங்கத் தொடங்கின. இரண்டும் நாளுக்கு 10 கோடி லிட்டர் தரும் அளவில் அமைக்கப்பட்டவை. அங்கே சவ்வின் வழியாக நீர் போவது உப்பான கடல்நீரிலிருந்து உப்பற்ற பக்கத்துக்கு. பிழையான பழைய வரையறை சொன்ன அதே திசை. இந்த முறை அவள் விதிவிலக்கு என்று ஒதுக்கவில்லை. வரையறையில் எது குறைகிறது என்று தேடினாள். குறைந்தது நிபந்தனை. ஆலையில் பம்பு கடல்நீரை அழுத்தித் தள்ளுகிறது. வெளியிலிருந்து அழுத்தம் தராதபோது என்ற சொற்கள் வரையறையில் சேர்ந்தன.

நீரியல் திறன் என்ற கருத்து பாடத்தில் வந்ததும் இரண்டு திசையும் ஒரே வாக்கியத்தில் அடங்கின: நீரியல் திறன் அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு நீர் செல்கிறது. தூய நீருக்கு அது சுழி. எதைக் கரைத்தாலும் அது சுழிக்குக் கீழே இறங்கும். அழுத்தம் கொடுத்தால் மேலே ஏறும். மாணவி இந்த வாக்கியத்தையும் எழுதிய கையோடு எண்களைப் போட்டுப் பார்த்தாள். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள கடல்நீரின் நீரியல் திறன், சாதாரண வளிமண்டல அழுத்தத்தில், ஏறக்குறைய −2.5 மெகாபாஸ்கல். சவ்வின் மறுபக்கம் உள்ள நன்னீரில் அது சுழிக்கு அருகில். சும்மா விட்டால் நன்னீர்தான் கடல்நீருக்குள் போகும். கடல்நீர்ப் பக்கம் 6 மெகாபாஸ்கல் அழுத்தம் தந்தால் அதன் நீரியல் திறன் +3.5 ஆகிறது, சுழியைவிட அதிகம், நீர் நன்னீர்ப் பக்கம் போகிறது. பம்பு 2.5 மெகாபாஸ்கலுக்குக் கீழே தந்தால் ஆலையில் குடிநீர் கிடைக்காது என்பதும் அதே கணக்கிலிருந்து வந்தது. அந்த வரியின் ஓரத்தில் அவள் பக்க எண்ணை எழுதினாள்.